இரண்டு உறைகள்: மாற்றினால் எப்போதும் லாபமா?

இரண்டு உறைகள் உங்கள் முன் இருக்கின்றன. இரண்டிலும் பணம். ஒன்றில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு மற்றொன்றில் இருக்கிறது, ஆனால் எதில் அதிகம் என்று வெளியே பார்த்தால் தெரியாது. ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், எடுக்கிறீர்கள். பிரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வருகிறது: "வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுகிறீர்களா?"

மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி, எல்லாம் ஒன்றுதான் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த உறை, அதற்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் பக்கத்தில் ஒரு கணக்குப் புலி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது இது:

"உன் கையில் இருக்கும் தொகையை A என்று வைத்துக்கொள். மற்ற உறையில் 2A இருக்கலாம், அல்லது A/2 இருக்கலாம். இரண்டுக்கும் பாதிப் பாதி வாய்ப்பு. அப்படியானால் மற்ற உறையின் சராசரி மதிப்பு என்ன? 2A-யில் பாதி, A. A/2-வில் பாதி, A/4. கூட்டினால் 5A/4. கையில் இருப்பதைவிடக் கால் பங்கு அதிகம். பேசாமல் மாற்று."

ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருப்பது போலத் தெரிகிறது. மாற்றுகிறீர்கள். இப்போது கையில் இருப்பது புது உறை. அதிலிருக்கும் தொகையை B என்று வைத்துக்கொண்டால், அதே வாதப்படி பழைய உறைக்கு மதிப்பு 5B/4. மறுபடியும் மாற்ற வேண்டும். அப்புறம் மறுபடியும். இரண்டு உறைகளையும் கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தால் கோடீஸ்வரர் ஆகிவிடலாம் போலிருக்கிறது! மற்ற உறையை ஒரு நண்பர் வைத்திருந்தால் அவரும் இதே கணக்கைப் போட்டு உங்களிடம் மாற்றிக்கொள்ளத் துடிப்பார். இருவருக்கும் ஒரே நேரத்தில் லாபம் வர முடியாது, ஏனென்றால் இரண்டு உறைகளிலும் சேர்த்து இருக்கும் பணம் மாறவே இல்லை.

ஆக, முடிவு தப்பு என்பதில் சந்தேகமில்லை. இந்தப் புதிரில் சிரமமான வேலை அதுவல்ல. எந்த வரி தப்பு என்று விரல் வைத்துக் காட்டுவதுதான் சிரமம். "அது அபத்தம், விடு" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இதே மாதிரி கணக்கை வேறு இடங்களில் சரியாகவே பயன்படுத்துகிறோமே, இங்கே மட்டும் ஏன் செல்லவில்லை?

முதலில் அந்தக் கணக்கு செல்லுபடியாகும் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிடலாம். உங்கள் உறையில் 40 வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். (எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை, வெறும் எண்ணாகவே சொல்கிறேன்.) கொடுத்த பிறகு, உங்கள் கண் முன்னாலேயே ஒரு காசைச் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் இரண்டாவது உறையில் 80 வைக்கிறார்கள், பூ விழுந்தால் 20. இப்போது மாற்றலாமா? தாராளமாக. பாதி வாய்ப்பில் 80, பாதி வாய்ப்பில் 20, சராசரி 50. கையில் இருக்கும் 40-ஐவிடக் கால் பங்கு அதிகம். கணக்குப் புலி சொன்ன 5A/4 இங்கே அப்படியே சரி. பொருளியலாளர் பேரி நேல்பஃப் 1989-இல் இந்தப் புதிரைப் பற்றி எழுதியபோது இந்த வகை ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பேசினார்.

இந்த ஆட்டத்தில் ஒருமுறை மாற்றிய பிறகு திரும்ப மாற்றச் சொல்லி வாதம் எழவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது உறையை வாங்கியவர் "எனக்கு வந்ததில் பாதியோ இரட்டிப்போ மற்றதில் இருக்கும், பாதிப் பாதி வாய்ப்பு" என்று சொல்ல முடியாது. மற்றதில் இருப்பது 40, அது முன்பே முடிவானது. இரண்டு உறைகளும் ஒரே மாதிரி பிறக்கவில்லை. ஒன்று முதலில் பிறந்தது, மற்றது அதைப் பார்த்துப் பிறந்தது.

நம் புதிரிலோ உறைகள் இரண்டும் சேர்ந்தே பிறந்தவை. ஒன்றில் 20, மற்றதில் 40 என்று முன்பே வைத்து ஒட்டியாகிவிட்டது. அங்கேயும் ஒரு காசு சுண்டப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது வேறு கேள்விக்கான காசு: இந்த இரண்டில் எது உங்கள் கைக்கு வரும் என்பதை மட்டும் அது முடிவுசெய்கிறது. மற்ற உறையில் என்ன வைப்பது என்பதை எந்தக் காசும் முடிவுசெய்யவில்லை. "பாதிப் பாதி வாய்ப்பு" என்ற சொல் இரண்டு ஆட்டங்களிலும் வருகிறது, ஆனால் எதற்குப் பாதி வாய்ப்பு என்பது இரண்டிலும் ஒன்றல்ல.

20, 40 என்ற அந்த ஜோடியை வைத்துக்கொண்டே புலியின் வாதத்தை வரி வரியாக ஓட்டிப் பார்க்கலாம். "மாற்றினால் பாதி வாய்ப்பில் A கூடும்" என்கிறார். எப்போது கூடும்? உங்கள் கையில் சின்னது இருந்தால். அப்போது A என்பது 20, கூடுவதும் 20. "பாதி வாய்ப்பில் A/2 குறையும்" என்கிறார். எப்போது குறையும்? உங்கள் கையில் பெரியது இருந்தால். அப்போது A என்பது 40, குறைவது அதில் பாதி, அதாவது 20. லாபமும் 20, நஷ்டமும் 20. சரிக்குச் சரி. A-யும் A/2-வும் காகிதத்தில் பார்க்க ஒன்று பெரிது, ஒன்று சின்னது. ஆனால் முதல் வரியில் இருக்கும் A வேறு, இரண்டாம் வரியில் இருக்கும் A வேறு. ஒரே எழுத்துக்குள் இரண்டு தொகைகளை ஒளித்துவைத்துவிட்டு, அதை ஒரே தொகை போலக் கூட்டியிருக்கிறார்.

சின்னத் தொகையை x என்று எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. ஜோடி x, 2x. என் உறையின் சராசரி 3x/2, மற்ற உறையின் சராசரியும் 3x/2. ஆட்டம் முடிந்தது.

முடிந்ததா? பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எனக்கு அதில் திருப்தி இல்லை. புலி விடாக்கண்டராக இருந்தால் இப்படிக் கேட்பார்: "சரி, A-வை அசையாமல் பிடித்துவைக்கிறேன். உறையைப் பிரித்துப் பார். உள்ளே 40 இருக்கிறது. இப்போது A என்பது 40-தான், வேறு எதுவும் இல்லை. மற்றதில் 80 அல்லது 20. இப்போது என் கணக்கில் என்ன தப்பு?" நியாயமான கேள்வி. எழுத்தைக் குறை சொல்லி இதிலிருந்து தப்பிக்க முடியாது. இதற்குப் பதில் சொல்ல, உறைகளில் பணம் எப்படி வைக்கப்பட்டது என்ற இடத்துக்குப் போக வேண்டும்.

ஒரு பகடையை எடுத்துக்கொள்வோம். உறைகளைத் தயாரிப்பவர் அதை உருட்டுகிறார். 1 விழுந்தால் உறைகளில் 1-உம் 2-உம் வைக்கிறார். 2 விழுந்தால் 2-உம் 4-உம். 3 விழுந்தால் 4-உம் 8-உம். இப்படியே 8-16, 16-32, கடைசியாக 6 விழுந்தால் 32-64. ஆறு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் உங்கள் கைக்கு இரண்டில் ஒன்று வரலாம். மொத்தம் பன்னிரண்டு நிலைகள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு.

உறையைப் பிரிக்கிறீர்கள், உள்ளே 8 இருக்கிறது. இது எங்கிருந்து வந்திருக்கும்? 4-8 ஜோடியின் பெரிய உறையாக இருக்கலாம், அல்லது 8-16 ஜோடியின் சின்ன உறையாக இருக்கலாம். பகடைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆகவே உண்மையிலேயே பாதிப் பாதி வாய்ப்பு. மாற்றினால் 4 அல்லது 16, சராசரி 10. எட்டில் கால் பங்கு கூட்டினால் 10. புலி சொன்னது இங்கே அட்சரம் பிசகாமல் சரி! 2, 4, 16, 32 பார்த்தாலும் அப்படியே. 1 பார்த்தால் இன்னும் நல்லது, மற்றது நிச்சயம் 2.

மிச்சம் இருப்பது 64 மட்டும். 64 பார்த்தால் மற்றது 32-தான், வேறு வழியில்லை. அங்கே மாற்றினால் 32 போய்விடும்.

இப்போது பன்னிரண்டு நிலைகளையும் வரிசையாகக் கூட்டுவோம், ஒவ்வொன்றிலும் மாற்றுகிறீர்கள் என்று வைத்து. 1 பார்க்கும் நிலை ஒன்று: லாபம் 1. 2 பார்க்கும் நிலைகள் இரண்டு: ஒன்றில் 1 நஷ்டம், இன்னொன்றில் 2 லாபம், நிகரம் 1. 4-க்கு: 2 நஷ்டம், 4 லாபம், நிகரம் 2. 8-க்கு நிகரம் 4, 16-க்கு 8, 32-க்கு 16. எல்லாம் லாபம். கூட்டினால் 1+1+2+4+8+16 = 32. அப்புறம் 64: நஷ்டம் 32. மொத்தம் பூஜ்யம்.

இந்தக் கூட்டலைக் காகிதத்தில் உங்கள் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஏழு தொகைகளில் ஆறு "மாற்று" என்கின்றன. ஒன்றே ஒன்று "மாற்றாதே" என்கிறது. அந்த ஒன்று மற்ற ஆறின் லாபத்தையும் ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. இது தற்செயல் அல்ல. ஜோடி ஜோடியாகப் பார்த்தால் 32-64 ஜோடியில் 32 வைத்திருப்பவருக்கு 32 லாபம், 64 வைத்திருப்பவருக்கு 32 நஷ்டம். எந்த ஜோடியிலும் இப்படிச் சரிக்குச் சரியாகக் கழிந்துவிடும். ஆனால் நாம் ஜோடி வாரியாக எண்ணவில்லை, பார்த்த தொகை வாரியாக எண்ணினோம். அப்படி எண்ணும்போது ஒவ்வொரு தொகையின் லாபமும் அதற்கு மேலே உள்ள பெரிய ஜோடியிலிருந்து வருகிறது, நஷ்டமோ கீழே உள்ள சின்ன ஜோடியிலிருந்து வருகிறது. அதனால் ஒவ்வொரு படியிலும் லாபம் முந்திக்கொண்டு நிற்கிறது. தள்ளிப்போட்ட கடன் எல்லாம் உச்சிப் படியில் போய்ச் சேருகிறது.

ஆகவே தப்பு எங்கே என்று இப்போது சொல்லலாம். "40 பார்த்தால் பாதிப் பாதி வாய்ப்பு" என்பது சில தொகைகளுக்கு உண்மையாக இருக்கக்கூடும். எந்தத் தொகை பார்த்தாலும் அது உண்மை என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டதுதான் தப்பு. பிரிக்காத உறையைப் பற்றிப் பேசும்போது எல்லாத் தொகைகளையும் பற்றித்தான் பேசுகிறோம். அந்த 64-உம் அதில் அடக்கம்.

நம் பகடையில் உச்சி இருக்கிறது. உச்சியே இல்லாத ஆட்டம் ஒன்றை வைத்தால்? அப்போது எந்தத் தொகைக்கும் பாதிப் பாதி வாய்ப்பு வந்துவிடுமே? வைத்துப் பார்ப்போம். 8 பார்க்கும்போது பாதிப் பாதி என்றால் 4-8 ஜோடிக்கும் 8-16 ஜோடிக்கும் ஒரே வாய்ப்பு. 16 பார்க்கும்போதும் அப்படி என்றால் 8-16-க்கும் 16-32-க்கும் ஒரே வாய்ப்பு. இப்படியே சங்கிலி மேலே போய்க்கொண்டே இருக்கும். முடிவே இல்லாத ஜோடிகள், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. அந்த வாய்ப்பு கோடியில் ஒரு பங்கு என்று வைத்தாலும், கோடி ஜோடிகளைத் தாண்டிய உடனே மொத்தம் ஒன்றைத் தாண்டிவிடும். பூஜ்யம் என்று வைத்தால் மொத்தமும் பூஜ்யம். எல்லா வாய்ப்புகளையும் கூட்டினால் சரியாக ஒன்று வர வேண்டும் என்பது நிகழ்தகவின் அடிப்படை விதி. அதை மீறாமல் இப்படியொரு பகடையைச் செய்யவே முடியாது. புலியின் வாதத்துக்குத் தேவையான ஆட்டம் உலகில் இல்லை.

உச்சி மட்டுமல்ல, சின்னச் சின்ன விவரங்கள்கூடப் பாதிப் பாதியைக் கெடுத்துவிடும். உறைகளில் முழு நாணயங்கள் மட்டுமே வைப்பார்கள், எதையும் உடைக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தால் உள்ளே 7 நாணயங்கள். மற்றதில் மூன்றரை இருக்க முடியாது. ஆகவே கையில் இருப்பது சின்னதுதான், நூற்றுக்கு நூறு நிச்சயம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே ஒரு தகவல்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 1995-இல் தத்துவவியலாளர் ஜான் புரூம் ஒரு குறும்பான ஆட்டத்தைக் காட்டினார். பாதிப் பாதி வாய்ப்பே தேவையில்லை, அதைவிடக் குறைவான வாய்ப்பிலும் மாற்றச் சொல்லும் வாதம் எழும் என்றார். அதைப் பகடையால் இப்படிச் செய்யலாம்: 1, 2 என்ற ஜோடியில் தொடங்குங்கள். பகடையை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் நிறுத்திவிடுங்கள். வேறு எது விழுந்தாலும் இரண்டு தொகைகளையும் இரட்டிப்பாக்கி மறுபடி உருட்டுங்கள். எப்போது நிற்கிறதோ அப்போதைய ஜோடி உறைகளுக்குள் போகும்.

இங்கே வாய்ப்புகளைக் கூட்டினால் ஒழுங்காக ஒன்று வருகிறது. விதிமீறல் எதுவும் இல்லை. ஒரு ஜோடியைவிட அடுத்த பெரிய ஜோடிக்கு வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே 8 பார்த்தால், அது 4-8-இன் பெரியதாக இருக்க ஐந்தில் மூன்று வாய்ப்பு, 8-16-இன் சின்னதாக இருக்க ஐந்தில் இரண்டு வாய்ப்பு. மாற்றினால் சராசரி: 4-இல் ஐந்தில் மூன்று பங்கு 2.4, 16-இல் ஐந்தில் இரண்டு பங்கு 6.4, கூட்டினால் 8.8. பத்து சதவீத லாபம்! எந்தத் தொகை பார்த்தாலும் இதே பத்து சதவீதம்; 1 பார்த்தால் மட்டும் இரட்டிப்பு. "மாற்றாதே" என்று சொல்லும் தொகை ஒன்றுகூட இல்லை. அப்படியானால் பிரிக்காமலேயே மாற்றிவிடலாமே என்ற பழைய அபத்தம் திரும்ப வந்து நிற்கிறது.

இந்த ஆட்டத்தில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. உறையில் சராசரியாக எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் வாய்ப்பு மூன்றில் இரண்டாகக் குறைகிறது, தொகையோ இரண்டு மடங்காகிறது. ஆகவே அந்தப் படி சராசரிக்குச் சேர்க்கும் பங்கு முந்தைய படியைப் போல மூன்றில் நான்கு மடங்கு. குறையவே குறையாத பங்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் முடிவிலிதான் வரும். என் உறையின் சராசரி முடிவிலி, மற்றதன் சராசரியும் முடிவிலி. இரண்டு முடிவிலிகளை வைத்துக்கொண்டு "இது அதைவிடப் பத்து சதவீதம் அதிகம்" என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. பகடை ஆட்டத்தில் உச்சிப் படிக்குப் போன கடன் இங்கே போய்ச் சேர இடமில்லாமல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

சந்தேகமிருந்தால் ஆட்டத்துக்கு ஒரு எல்லை போடுங்கள். உறை வைப்பவரிடம் பணம் என்றாவது ஒருநாள் தீரத்தானே வேண்டும்? இரண்டு முறை இரட்டிப்பாக்கியதும் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று வையுங்கள். அப்போது 1-2, 2-4, 4-8 என்று மூன்றே ஜோடிகள்; ஒன்பது ஆட்டங்களில் சராசரியாக மூன்று, இரண்டு, நான்கு முறை வரும். பழையபடி ஒவ்வொரு நிலையாகக் கூட்டினால் 1-க்கு 3 லாபம், 2-க்கு 1 லாபம், 4-க்கு 12 லாபம், 8-க்கு 16 நஷ்டம். மறுபடியும் பூஜ்யம். எல்லையை எவ்வளவு தூரத்தில் போட்டாலும் இதுதான் நடக்கும்.

சரி, நிஜமாகவே யாராவது இரண்டு உறைகளை நீட்டினால் என்ன செய்வது? பிரிக்க விடமாட்டார்கள் என்றால் யோசிக்க எதுவுமே இல்லை. பிரிக்க விட்டால், பார்த்த தொகையை வைத்துக் கொடுப்பவரை எடைபோட வேண்டும். இவர் வைக்கக்கூடிய அதிகபட்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, அல்லது வெறும் தொடக்கமா? முதல் பகடை ஆட்டத்தின் விதி தெரிந்தவர் 64 தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றுவார். மாற்றாமலே இருந்தால் ஆட்டத்துக்குச் சராசரி 15.75 கிடைக்கும், கண்ணை மூடி எப்போதும் மாற்றினாலும் அதே 15.75. 64-ஐ மட்டும் விட்டுவைத்து மாற்றுபவருக்குக் கிட்டத்தட்ட 18.4.

விதி ஒன்றுமே தெரியாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. உறையைத் தொடும் முன்பே மனதில் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள், 10 என்று வைப்போம். பார்த்த தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள், அதிகமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஜோடியின் இரண்டு தொகைகளும் 10-க்குக் கீழே இருந்தால் பெரியது கிடைக்கப் பாதி வாய்ப்பு. இரண்டும் மேலே இருந்தாலும் பாதி. நீங்கள் நினைத்த எண் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டால் பெரியது நிச்சயம். முதல் பகடை ஆட்டத்தில் 10 என்பது 8-16 ஜோடிக்கு நடுவில் விழுகிறது, அதனால் பெரிய உறை கிடைக்கும் வாய்ப்பு பன்னிரண்டில் ஆறிலிருந்து ஏழாக உயர்கிறது. 100 என்று நினைத்திருந்தால் ஆறிலேயே நின்றிருக்கும், அதற்குக் கீழே போயிருக்காது.